டீமேட் இல்லாத தங்கமும் இரண்டு அடுக்குக் கட்டணமும்

தாராவியில் விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டப்படும் வீடுகள் பல உண்டு. அங்கே வெந்து இறங்கும் இட்லிகள் பொழுது புலர்வதற்குள் பாத்திரங்களில் ஏறி மும்பை மாநகரின் பல தெருக்களுக்கும் சென்றுவிடும். அத்தகைய ஒரு வீட்டின் தலைவி மகளின் திருமணத்துக்காக மாதந்தோறும் 3,000 ரூபாயைத் தங்கத்தில் சேமிக்க விரும்புகிறார் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மகளுக்கு இப்போது எட்டு வயது. திருமணத்துக்கு இன்னும் 15 ஆண்டுகள் இருக்கின்றன. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போகும். சிறிய வீட்டில் அதைப் பாதுகாப்பதும் கவலைக்குரியது. கிளைக்கு வந்து கேட்கிறார். அவருக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது, நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் இருக்கிறது. ஆனால் பங்குச் சந்தையில் வாங்கி விற்பதற்குரிய டிரேடிங் கணக்கோ, வாங்கியதை வைத்திருப்பதற்குரிய டீமேட் கணக்கோ இல்லை.

அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, 'கோல்டு ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்' என்பதாகும். பல நிறுவனங்கள் இதனைத் 'தங்கச் சேமிப்பு நிதி' என்ற பொருளில் பெயரிட்டு வழங்குகின்றன. இக்கட்டுரையிலும் அப்பெயரையே ஆள்வோம். விடை சரியானதே. ஆயினும் அதன் மறுபாதியையும் அவர் அறிந்துகொள்ள வேண்டும். டீமேட் கணக்கு வேண்டாம் என்ற வசதி விலையின்றி வருவதில்லை. அந்த விலை எங்கே கழிக்கப்படுகிறது, 15 ஆண்டுகளில் அது எத்தனை கிராம் தங்கமாகும், எப்போது அதைக் கொடுப்பது தகும், எப்போது தகாது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வந்தது இ.டி.எஃப்.

இந்தியாவின் முதல் தங்க இ.டி.எஃப். திட்டமான 'கோல்டு பீஸ்' 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதனைக் கொண்டுவந்தது பெஞ்ச்மார்க் மியூச்சுவல் ஃபண்ட். பின்னர் நிர்வாகம் கைமாறி, இன்று அது நிப்பான் இந்தியா மியூச்சுவல் ஃபண்டின் திட்டமாக உள்ளது.

இ.டி.எஃப். இயங்கும் முறை எளியது. நிதி நிறுவனம் 99.5 சதவீதத் தூய்மையுள்ள தங்கக் கட்டிகளை வாங்கிப் பாதுகாவலரின் பெட்டகத்தில் வைக்கிறது. அந்தத் தங்கத்தின் மீது யூனிட்டுகள் உருவாக்கப்படுகின்றன. அவை நிறுவனத்தின் பங்குகளைப் போலவே சந்தையில் விற்கவும் வாங்கவும் படுகின்றன.

இங்கேதான் டீமேட் கணக்கின் தேவை எழுகிறது. இ.டி.எஃப். யூனிட்டுகளை நிதி நிறுவனம் தனித்தனி மனிதருக்கு நேரே விற்பதில்லை. கிலோ கணக்கில் தங்கமோ அதற்கீடான பணமோ கொண்டுவரும் பெரிய இடையீட்டாளர்களுக்கே அது மொத்தமாக யூனிட்டுகளை வழங்குகிறது. அவர்கள் அவற்றைச் சந்தையில் சில்லறையாக விற்கிறார்கள். நாம் வாங்குவது நிதி நிறுவனத்திடமிருந்து அன்று, சந்தையில் விற்க வந்த வேறொருவரிடமிருந்து. சந்தையில் ஆணையிட டிரேடிங் கணக்கு வேண்டும். வாங்கியது வந்து சேர டீமேட் கணக்கு வேண்டும்.

2011ஆம் ஆண்டில் நாட்டிலிருந்த டீமேட் கணக்குகள் மொத்தம் ஏறக்குறைய 2 கோடியே. தங்கம் வாங்கும் குடும்பங்களோ அதனினும் பன்மடங்கு. இந்த இடைவெளியை நிரப்பவே அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் 'ரிலையன்ஸ் கோல்டு சேவிங்ஸ் ஃபண்ட்' தொடங்கப்பட்டது. இந்நாட்டில் தங்க இ.டி.எஃப்.-இல் முதலீடு செய்யும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் என்ற வகைக்கு வழிகாட்டிய திட்டம் அதுவே. இன்று நிப்பான் இந்தியா பெயரில் நடைபெறும் அத்திட்டம், மேலே சொன்ன கோல்டு பீஸ் யூனிட்டுகளில் பணத்தைப் போடுகிறது. பிற நிறுவனங்களும் தம் சொந்த இ.டி.எஃப்.-இன் மேல் இத்தகைய நிதிகளை அமைத்துள்ளன.

டீமேட் ஏன் வேண்டுவதில்லை?

தங்கச் சேமிப்பு நிதி தங்கத்தை நேரே வாங்குவதில்லை. நம்மைப் போன்ற பலரிடம் பணம் திரட்டி, இ.டி.எஃப். யூனிட்டுகளை வாங்கி வைக்கிறது. அந்த இ.டி.எஃப். யூனிட்டுகளைப் பெறுவதற்குரிய டீமேட் கணக்கு உண்டு. அது நிதியின் பெயரில் இருக்கிறது. நம் கையில் வருவது இ.டி.எஃப். யூனிட் அன்று, சேமிப்பு நிதியின் யூனிட்.

இந்த யூனிட்டை வழங்குவது சந்தை அன்று, நிதி நிறுவனமே. எனவே இடையில் தரகர் இல்லை. நாம் எத்தனை யூனிட்டுகளுக்கு உரியவர் என்ற பதிவைப் பதிவாளர் நிறுவனம் 'ஃபோலியோ' எண்ணின் கீழ் எழுதி வைக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட காம்ஸ், ஐதராபாத்தின் கேஃபின்டெக் ஆகிய இரண்டும் நாட்டின் பெரும்பாலான மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இப்பணியைச் செய்கின்றன. வங்கியில் நம் பணத்துக்குக் கணக்கு எண் எவ்வாறோ, இங்கே யூனிட்டுகளுக்கு ஃபோலியோ எண் அவ்வாறு. யூனிட்டின் விலை நாளில் ஒருமுறை, அன்றைய நிகரச் சொத்து மதிப்பாக அறிவிக்கப்படும். எல்லோருக்கும் அன்று அந்த ஒரே விலைதான்.

ஆகவே தாராவியின் அந்த அம்மையாருக்கு வேண்டியவை நிரந்தரக் கணக்கு எண், 'கே.ஒய்.சி.' எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றே. மாதந்தோறும் குறித்த நாளில் 3,000 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், எஸ்.ஐ.பி. தானே நடக்கும். இன்னுமொரு நன்மையும் உண்டு. சந்தையில் முழு யூனிட்டாகத்தான் வாங்க இயலும். சேமிப்பு நிதியிலோ பின்னப் பகுதிகளும் கணக்கில் ஏறும், 3,000 ரூபாயும் முழுவதும் முதலீடாகும்.

கட்டணம் கழிக்கப்படும் இடம்

இப்போது வசதியின் விலைக்கு வருவோம். தங்கம் வட்டி ஈட்டுவதில்லை, ஈவுத்தொகை தருவதில்லை. பெட்டக வாடகை, காப்பீடு, நிர்வாகச் சம்பளம் முதலிய செலவுகளுக்கு இ.டி.எஃப். எங்கிருந்து பணம் எடுக்கும்? தன்னிடமுள்ள தங்கத்தின் மதிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னாலுள்ள தங்கத்தின் எடை ஆண்டுதோறும் சிறிது கரைகிறது. 2007இல் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்துக்கு ஈடாகத் தொடங்கிய கோல்டு பீஸ் யூனிட், பின்னர் நூறாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் இன்று அந்த நூறு சிறு யூனிட்டுகளின் விலையைக் கூட்டினால் ஒரு கிராமின் விலைக்குக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவு இத்தனை ஆண்டுகளின் செலவாகும். இது குற்றமன்று. எல்லாத் தங்க இ.டி.எஃப்.-களின் இயல்பும் இதுவே.

இது கீழ் அடுக்கு. சேமிப்பு நிதியில் இதன்மேல் இன்னோர் அடுக்கு ஏறுகிறது. சேமிப்பு நிதிக்கும் தனியே நிர்வாகச் செலவு உண்டு, பதிவாளருக்குக் கட்டணம் உண்டு, விற்பனையாளர் வழியாக வந்த முதலீடானால் அவருக்குரிய தரகும் உண்டு. கீழ் அடுக்கில் கரைந்தது போக எஞ்சியதிலிருந்து மேல் அடுக்கும் கரைகிறது.

இக்கட்டணத்துக்கு எவரும் பற்றுச்சீட்டு அனுப்புவதில்லை. ஆண்டுச் செலவு விகிதத்தை 365ஆகப் பிரித்து ஒவ்வொரு நாளும் கழித்த பின்னரே நிகரச் சொத்து மதிப்பு அறிவிக்கப்படுகிறது. 1 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 1 சதவீதச் செலவு என்றால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 74 காசு. கணக்குப் புத்தகத்தில் இத்தொகை பற்றாக எழுதப்படாததால் பலரும் இதனைக் கவனிப்பதில்லை.

செபி இதற்கு எல்லை வகுத்துள்ளது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இ.டி.எஃப்.-களில் முதலீடு செய்யும் இத்தகைய நிதிகளில் இரண்டு அடுக்கும் சேர்ந்து 1 சதவீதத்தைத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது. வரம்பையும் கணக்கிடும் முறையையும் செபி அவ்வப்போது திருத்துவதுண்டு. எவ்வளவு திருத்தினாலும், இரண்டு அடுக்கு என்ற அமைப்பு மாறுவதில்லை.

மேல் அடுக்கின் கனம் எல்லோருக்கும் ஒன்றன்று. 2013 சனவரி முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்ட் திட்டமும் 'டைரக்ட்', 'ரெகுலர்' என்று இரு பிரிவுகளாக வழங்கப்படுகிறது. நிதி நிறுவனத்திடம் நேரே சேர்ந்தால் டைரக்ட். அதில் விற்பனைத் தரகு இல்லை. வங்கி, முகவர் முதலியோர் வழியாகச் சேர்ந்தால் ரெகுலர். அவர்களுக்குரிய தரகு மேல் அடுக்கினுள் அடங்கியிருக்கும். வங்கிக் கிளை வழியாகச் சேரும் வாடிக்கையாளருக்குப் படிவம் நிரப்புதல், பின்னர் வேண்டும் உதவிகள் ஆகியவை கிடைக்கின்றன. அதற்குரிய விலையும் அவருடைய யூனிட்டிலிருந்தே போகிறது என்பதை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

செம்பூரின் நூறு கிராம்

கட்டணத்தின் தாக்கத்தை ரூபாயில் கணக்கிட்டால், தங்கத்தின் விலை எவ்வளவு உயரும் என்ற ஊகம் குறுக்கே வரும். கிராமில் கணக்கிட்டால் அந்த ஊகம் தேவையில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் கரையும் எடை ஒன்றே.

செம்பூரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஒருவர் 100 கிராம் தங்கத்துக்கு ஈடான தொகையை ஒரே தவணையில் முதலீடு செய்கிறார் என்று கொள்வோம். இ.டி.எஃப்.-இன் செலவு விகிதம் ஆண்டுக்கு 0.5 சதவீதம். அதன்மேல் சேமிப்பு நிதியின் டைரக்ட் பிரிவு 0.15 சதவீதமும், ரெகுலர் பிரிவு 0.5 சதவீதமும் எடுக்கின்றன. இவை கணக்குக்காகக் கொண்ட எண்கள். உங்கள் திட்டத்தின் எண்கள் இவற்றினின்று வேறுபடலாம்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இ.டி.எஃப். வைத்திருப்பவரிடம் 97.5 கிராமும், டைரக்ட் பிரிவில் 96.8 கிராமும், ரெகுலர் பிரிவில் 95.1 கிராமும் எஞ்சும். வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இ.டி.எஃப்.-இல் 92.8 கிராம், டைரக்ட் பிரிவில் 90.7 கிராம், ரெகுலர் பிரிவில் 86 கிராம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஏறக்குறைய ஆறே முக்கால் கிராம் வேறுபாடு. எட்டு கிராம் ஒரு பவுன் என்று கணக்கிடும் நம் வீடுகளில் அது முக்கால் பவுனுக்கும் மேல்.

விலை வேகமாக உயரும் ஆண்டுகளில் இது கண்ணில் படாது. தங்கம் ஆண்டுக்கு 9 சதவீதம் உயர்ந்தால், இரண்டு அடுக்கும் சேர்ந்து 1 சதவீதம் கழிந்த பின் கிடைப்பது ஏறக்குறைய 7.9 சதவீதம். ஆதாயத்தில் ஒன்பதில் ஒரு பங்கினும் சற்று மிகுதியாகப் போய்விட்டது, ஆயினும் எஞ்சியதைக் கண்டு மனம் நிறைந்துவிடும். விலை அசையாத ஆண்டுகளில்தான் கட்டணம் வெளிப்படையாகத் தெரியும். 2012இல் 10 கிராம் தங்கத்தின் சராசரி விலை ஏறக்குறைய 31,000 ரூபாய். 2018இலும் ஏறக்குறைய 31,000 ரூபாய்தான். அத்தகைய ஆறு ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 சதவீதம் கழிந்தால், 1 லட்சம் ரூபாய் 94,150 ரூபாய் அளவில் வந்து நிற்கும். வீட்டுப் பெட்டியிலிருந்த தங்கக் காசு அதே எடையில் கிடக்க, நிதியிலிருந்த தங்கம் இவ்வளவு கரைந்திருக்கும்.

செம்பூர் வாடிக்கையாளர் போன்றோருக்கு, அதாவது பெருந்தொகையை ஒரே தவணையில் நீண்டகாலம் வைப்போருக்கு, டீமேட் கணக்கு தொடங்கும் சிறு சிரமம் பயனுள்ளது என்பதையே இக்கணக்கு காட்டுகிறது.

தாராவியின் மாதத் தவணை

தாராவி அம்மையாரின் நிலை வேறு. முதலாவது, அவருடைய பணம் முழுவதும் 15 ஆண்டுகளும் நிதியில் இருப்பதில்லை. முதல் தவணை 15 ஆண்டுகள் கரையும், கடைசித் தவணை ஒரு மாதமே கரையும். அவர் மாதந்தோறும் கால் கிராமுக்கு ஈடான தொகையைச் செலுத்துவதாகக் கொண்டால், 180 தவணைகளில் 45 கிராம் ஆகும். மேற்சொன்ன அதே விகிதங்களில் முடிவில் எஞ்சுவது இ.டி.எஃப்.-இல் 43.3 கிராம், டைரக்ட் பிரிவில் 42.9 கிராம், ரெகுலர் பிரிவில் 41.8 கிராம். ஒரே தவணையில் போட்டதைவிட இங்கே இழப்பின் விகிதம் ஏறக்குறைய பாதி.

இரண்டாவது, இ.டி.எஃப். வழியிலும் செலவு உண்டு. அது வேறு உருவத்தில் வரும், விகிதமாக அன்றி நிலைத்த தொகையாக வரும். டீமேட் கணக்குக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இருக்கலாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தரகுக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.-யும் இருக்கலாம். ஆண்டுப் பராமரிப்பு 300 ரூபாய், ஒவ்வோர் ஆணைக்கும் தரகு 20 ரூபாய் என்று கொள்வோம். ஜி.எஸ்.டி. சேர்த்துத் தரகு 23 ரூபாய் 60 காசு. பன்னிரண்டு மாதங்களுக்கு 283 ரூபாய். மொத்தம் ஆண்டுக்கு ஏறக்குறைய 583 ரூபாய்.

முதல் ஆண்டில் அவர் செலுத்துவதே 36,000 ரூபாய். அதில் 583 ரூபாய் என்பது 1.6 சதவீதத்துக்கும் மேல். சேமிப்பு நிதியின் மேல் அடுக்கோ அந்தத் தொகைக்கு நூறு, நூற்றைம்பது ரூபாயைத் தாண்டாது. தொடக்க ஆண்டுகளில் மேல் அடுக்குக் கட்டணமே மலிவு.

ஆனால் மேல் அடுக்கு இருப்புடன் சேர்ந்து வளரும், நிலைத்த செலவு வளராது. இரண்டும் சமமாகும் புள்ளியைக் காண ஒரு வகுத்தல் போதும். ஆண்டின் நிலைத்த செலவை மேல் அடுக்கின் விகிதத்தால் வகுக்க வேண்டும். ரெகுலர் பிரிவின் 0.5 சதவீதத்துக்கு, 583ஐ 0.005ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,17,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் செலுத்தினால், விலை உயர்வைக் கணக்கில் கொள்ளாமலேயே, மூன்றேகால் ஆண்டுகளில் இருப்பு அந்த அளவை எட்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ரெகுலர் பிரிவே விலையுயர்ந்த வழி. டைரக்ட் பிரிவின் 0.15 சதவீதத்துக்கு அதே வகுத்தல் ஏறக்குறைய 3,89,000 ரூபாயைத் தரும். அதை எட்டப் பதினோர் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும். தங்கத்தின் விலை உயர்ந்தால் இருப்பு விரைவாக வளர்ந்து, இந்தப் புள்ளிகள் முன்னதாகவே வரும்.

இந்த எண்களை உங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பர் முதல், 'அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு' என்ற வகையில் 4 லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்தான். முதற்பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்கு மட்டுமே வைத்திருப்பவருக்கு இச்சலுகை பொருந்தும். இக்கணக்கும் மலிவான தரகும் அமைந்தால், சமப்புள்ளி மிக முன்னதாகவே வந்துவிடும்.

மாட்டுங்காவின் பூக்கடை

மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே பூ விற்கும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பங்கு வாங்குவதற்காக டீமேட் கணக்கு தொடங்கியவர் என்று கொள்வோம். இன்று நாட்டில் டீமேட் கணக்குகள் 20 கோடியைக் கடந்துவிட்டன. 2011இல் அரிதாயிருந்த கணக்கு இன்று அரிதன்று. பராமரிப்புக் கட்டணத்தை அவர் எப்படியும் செலுத்திவருகிறார். தங்கத்துக்காக அவருக்குக் கூடுதலாக ஆவது தரகு மட்டுமே. அவர் மேல் அடுக்கையும் ஏன் சுமக்க வேண்டும்? பொதுவாகச் சுமக்க வேண்டியதில்லை.

ஆயினும் அவர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சந்தையில் வாங்க முன்வருவோர் கேட்கும் விலைக்கும் விற்க முன்வருவோர் சொல்லும் விலைக்கும் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். வணிகம் மிகுதியாக நடக்கும் இ.டி.எஃப்.-களில் இது சில காசுகளே. வணிகம் மந்தமான இ.டி.எஃப்.-களில் இந்த இடைவெளியே ஓராண்டுச் செலவு விகிதத்தை விழுங்கிவிடும். ஆகவே குறைந்த செலவு விகிதம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து இ.டி.எஃப்.-ஐத் தேர்ந்தெடுக்கலாகாது. அன்றாடம் எவ்வளவு யூனிட்டுகள் கைமாறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். விலையைக் குறிக்காமல் ஆணையிடுவதைவிட, தாம் கொடுக்கத்தக்க விலையைக் குறித்து ஆணையிடுவது பாதுகாப்பு.

சந்தை விலையின் இந்த ஏற்றத்தாழ்வு சேமிப்பு நிதியில் இருப்பவரையும் முற்றிலும் விடுவதில்லை. நிதியும் இ.டி.எஃப்.-ஐயே வைத்திருப்பதால், இ.டி.எஃப். தன் உள்ளடக்கத்தின் மதிப்பைவிட மிகுந்த விலைக்கு விற்கும் நாளில் சேமிப்பு நிதியின் யூனிட் விலையும் அதனுடன் உயர்ந்து நிற்கலாம். 2025 அக்டோபரில் வெள்ளி இ.டி.எஃப்.-களுக்கு இவ்வாறு நேர்ந்தபோது, மிகைவிலையில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளாதிருக்கச் சில நிறுவனங்கள் தம் வெள்ளிச் சேமிப்பு நிதிகளில் ஒரே தவணைப் பெருமுதலீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. மேலும், யூனிட்டைத் திருப்பித் தருவோருக்குக் கொடுப்பதற்காகச் சேமிப்பு நிதி ஒரு சிறு பகுதியைப் பணமாகவே வைத்திருக்கும். அந்தப் பகுதி தங்கத்துடன் ஏறுவதில்லை. எனவே இ.டி.எஃப்.-க்கும் சேமிப்பு நிதிக்கும் இடையிலான வருவாய் வேறுபாடு ஒவ்வோர் ஆண்டும் கட்டண விகிதத்துக்குச் சரியாக ஒத்திராது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டணத்தின் தடம் தெளிவாகும்.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. இன்றுள்ள விதிப்படி, சந்தையில் பட்டியலிடப்பட்ட தங்க இ.டி.எஃப்.-ஐ 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயம் நீண்டகால ஆதாயமாகி 12.5 சதவீத வரிக்கு உட்படும். சேமிப்பு நிதிக்கு அதே நிலை 24 மாதங்களுக்குப் பின்னரே வரும். அதற்குள் விற்றால் அவரவர் வருமான வரி விகிதமே பொருந்தும். பதினைந்து ஆண்டு வைக்கும் தாராவி அம்மையாரின் பழைய தவணைகளுக்கு இது பொருட்டன்று. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பணம் தேவைப்படும் மாட்டுங்கா வணிகருக்கு இது பெரிது.

தாளில் பார்க்க வேண்டிய இடம்

சேமிப்பு நிதியின் மாதாந்தரத் தகவல் தாளில் 'செலவு விகிதம்' என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அந்த எண்ணை மட்டும் இ.டி.எஃப்.-இன் எண்ணோடு ஒப்பிட்டு, சேமிப்பு நிதி மலிவாக இருக்கிறதே என்று வியக்கிறார்கள். 0.15 என்பது 0.5ஐவிடச் சிறியதுதான். ஆனால் அந்த 0.15 மேல் அடுக்கு மட்டுமாக இருக்கலாம். அதே தாளில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். முதலீட்டாளர் இத்திட்டத்தின் செலவுடன், இது முதலீடு செய்யும் அடிப்படைத் திட்டத்தின் செலவையும் சேர்த்தே ஏற்கிறார் என்பது அதன் பொருள். அந்த வாக்கியத்தைக் கண்டதும், குறிப்பிட்ட இ.டி.எஃப்.-இன் தாளையும் எடுத்து இரண்டு எண்களையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையே உங்கள் உண்மையான கட்டணம்.

தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று அறியாதவர்கள் கணக்கு அறிக்கையில் திட்டத்தின் பெயரையடுத்து 'டைரக்ட்' என்றோ 'ரெகுலர்' என்றோ எழுதியிருப்பதைக் காணலாம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற விரும்பினால் ஒன்றை நினைவிற் கொள்க. அவ்வாறு மாறுவது, விற்றுவிட்டு மீண்டும் வாங்குவதாகவே கருதப்படும். அதுவரை சேர்ந்த ஆதாயத்துக்கு வரி உண்டு. அண்மையில் செலுத்திய தவணைகளுக்கு வெளியேறும் கட்டணமும் இருக்கலாம். பழைய யூனிட்டுகளை அப்படியே விட்டு, இனிவரும் தவணைகளை மட்டும் டைரக்ட் பிரிவில் தொடங்குவது பலருக்குச் செலவற்ற வழியாக அமையும். சேமிப்பு நிதியிலிருந்து இ.டி.எஃப்.-க்கு மாறுவதற்கும் இதே விதி பொருந்தும்.

தாராவி அம்மையாருக்கு நாம் சொல்லத்தக்கது இதுவாகும். டீமேட் கணக்கு இல்லை என்பதற்காகத் தங்கச் சேமிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். சேமிப்பு நிதியில் இன்றே தொடங்கலாம். கைப்பேசியில் தாமே இயக்கத் தெரிந்தவரானால் டைரக்ட் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம், தெரியாதவரானால் கிளையின் உதவியோடு ரெகுலர் பிரிவில் சேரலாம். இருப்பு 1 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் ஒருமுறை உட்கார்ந்து, மேலே காட்டிய வகுத்தலைத் தம் சொந்த எண்களைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும். ஆண்டின் நிலைத்த செலவு, மேல் அடுக்கின் விகிதம் ஆகிய இரண்டு எண்கள் போதும். மகள் பள்ளியிறுதியை எட்டுமுன் அந்தக் கணக்கை அவர் செய்துவிட்டால், திருமண நாளில் ஒரு கிராமோ ஒன்றரைக் கிராமோ மிஞ்சும். அது ஒரு மெல்லிய மோதிரத்தின் எடை.